பத்துக் கோடிக்குள் எந்தத் திட்டம்? லாபத்திறன் குறியீடு சொல்லும் வழி

நல்ல திட்டங்கள் பல காத்திருக்க, அத்தனைக்கும் பணம் போதாத நிலையில், எதை முதலில் எடுப்பது என்று வரிசைப்படுத்த உதவும் எண் லாபத்திறன் குறியீடு. ஒரு திட்டம் வருங்காலத்தில் தரப்போகும் நிகர வரவுகளின் இன்றைய மதிப்பை, அதற்கு இப்போது போட வேண்டிய முதலீட்டால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். ஒன்றுக்கு மேல் வந்தால் போட்ட பணத்தை விட அதிகம் திரும்புகிறது என்று பொருள். 1.4 என்று வந்தால், முதலீடு செய்யும் ஒவ்வொரு ரூபாயும் தன்னை மீட்டுக்கொண்டு, அதற்கு மேல் 40 காசைச் சேர்க்கிறது.

இன்றைய மதிப்பு என்பது காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மதிப்பு. ஆண்டுக்கு 12 சதவீதம் ஈட்டக்கூடிய பணம் கையில் இருந்தால், அடுத்த ஆண்டு வரும் 112 ரூபாயும் இன்றைய 100 ரூபாயும் ஒன்றுதான். இரண்டு ஆண்டு கழித்து வருவதானால் 125 ரூபாய் 44 காசு வந்தால்தான் அது இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். இப்படி ஒவ்வோர் ஆண்டின் வரவையும் இன்றைய கணக்குக்குக் குறைத்துக் கூட்டி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு வரும். பணத்துக்கு வரம்பு இல்லாத நிறுவனத்துக்கு இந்த ஒரு கணக்கே போதும். நிகர மதிப்பு சுழியத்துக்கு மேல் உள்ள எல்லாத் திட்டங்களையும் அது ஏற்கலாம்.

வரம்பு வந்துவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது. ஒரு திட்டத்தை ஏற்பதென்றால் அந்தப் பணம் வேறொரு திட்டத்துக்கு இல்லாமல் போகிறது. ஆகவே ஒரு திட்டம் மொத்தமாக எவ்வளவு தரும் என்று பார்ப்பது போதாது. பற்றாக்குறையாக இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் அங்கே எவ்வளவு ஈட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். லாபத்திறன் குறியீடு வகுத்தலைக் கையாள்வது இதற்காகத்தான். எது பற்றாக்குறையோ அதுதான் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். இதை மறந்த கணக்குகள் எப்படித் தடம் புரள்கின்றன என்பது பின்னால் வரும்.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். அடுத்த நிதியாண்டுக்கு இயந்திரச் செலவுக்காக நிர்வாகம் ஒதுக்கியிருப்பது 10 கோடி ரூபாய். துறைத் தலைவர்கள் கொண்டுவந்த திட்டங்கள் ஐந்து. அவற்றின் மொத்தச் செலவு 16 கோடி. பழைய ரிங் பிரேம்களுக்குப் பதில் புதியவை. கோன் சுற்றும் பிரிவுக்கு ஆட்டோகோனர். கூரை மேல் சூரிய மின்தகடுகள். பஞ்சில் கலந்து வரும் சாக்கு நார், பிளாஸ்டிக் இழை போன்ற அயல் இழைகளைக் கண்டுபிடித்து நீக்கும் கருவி. கம்ப்ரசர்களுக்கும் மின்விசிறிகளுக்கும் இன்வெர்ட்டர் டிரைவ். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. தள்ளுபடி வீதம் 12 சதவீதம். வரி, கடைசியில் கிடைக்கும் பழைய இரும்பு விலை ஆகியவை எளிமைக்காக விடப்பட்டிருக்கின்றன.

| திட்டம் (ரூபாய் லட்சத்தில்) | முதலீடு | ஆண்டு நிகர வரவு | ஆண்டுகள் | இன்றைய மதிப்பு | நிகர மதிப்பு | குறியீடு |
|---|---|---|---|---|---|---|
| இன்வெர்ட்டர் டிரைவ் | 100 | 45 | 5 | 162 | 62 | 1.62 |
| ரிங் பிரேம் | 600 | 160 | 10 | 904 | 304 | 1.51 |
| அயல் இழை நீக்கி | 200 | 60 | 8 | 298 | 98 | 1.49 |
| சூரிய மின்தகடு | 300 | 60 | 15 | 409 | 109 | 1.36 |
| ஆட்டோகோனர் | 400 | 105 | 8 | 522 | 122 | 1.30 |

ஐந்துமே நல்ல திட்டங்கள். எதையும் மோசம் என்று தள்ள முடியாது. நிகர மதிப்பு அதிகமுள்ளதிலிருந்து தொடங்கினால் முதலில் ரிங் பிரேம், அடுத்து ஆட்டோகோனர். இரண்டும் சேர்ந்து சரியாகப் பத்துக் கோடியை விழுங்கிவிடும். ஆலைக்குச் சேரும் நிகர மதிப்பு 426 லட்சம். பெரிய திட்டங்கள் பெரிய எண்களைக் காட்டுவதால் கூட்டங்களில் இப்படித் தேர்வு செய்வது சகஜம்.

குறியீட்டின்படி மேலிருந்து இறங்கினால் டிரைவ், ரிங் பிரேம், அயல் இழை நீக்கி மூன்றும் 9 கோடியில் அடங்கிவிடுகின்றன. அவற்றின் மொத்த நிகர மதிப்பு 464 லட்சம். பத்துக் கோடியைச் செலவிட்டுக் கிடைத்ததை விட 38 லட்சம் கூடுதல். கையில் ஒரு கோடி மீதமும் இருக்கிறது. ஆட்டோகோனர் நான்கு கோடியை எடுத்துக்கொண்டு 122 லட்சம் தந்த இடத்தில், இரண்டு சிறிய திட்டங்கள் மூன்று கோடியில் 160 லட்சம் தருகின்றன.

ஆலைகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது. அந்தக் கணக்கில் டிரைவ் இரண்டேகால் ஆண்டுக்குள் முதலைத் திருப்பிவிடும். சூரிய மின்தகடுகளுக்கு ஐந்து ஆண்டு ஆகும். அதனால் அவை கடைசி இடத்துக்குப் போய்விடும், ஆட்டோகோனர் அவற்றை முந்திக்கொள்ளும். முதல் திரும்பிய பிறகும் மின்தகடுகள் இன்னும் பத்து ஆண்டு மின்சாரம் தரும் என்பதை அந்தக் கேள்வி பார்ப்பதே இல்லை. லாபத்திறன் குறியீடு பார்க்கிறது.

ஆனால் மீதமிருக்கும் அந்த ஒரு கோடி ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. வரிசையில் அடுத்து நிற்பது மூன்று கோடித் திட்டம், அது அடங்காது. இந்த இடத்தில் குறியீட்டு வரிசையை அப்படியே பின்பற்றுவது தவறாகிவிடலாம். அயல் இழை நீக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூரிய மின்தகடுகளை வைத்துப் பார்த்தால், ரிங் பிரேம், டிரைவ், மின்தகடு மூன்றும் சரியாகப் பத்துக் கோடி. நிகர மதிப்பு 475 லட்சம். குறியீடு 1.49 உள்ள திட்டத்தை விட்டு 1.36 உள்ளதை எடுத்ததால் ஆலைக்கு 11 லட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. காரணம், விட்ட இரண்டு கோடியோடு சும்மா கிடந்த ஒரு கோடியும் வேலைக்கு வந்துவிட்டது.

திட்டங்களைத் துண்டாக்க முடியும் என்றால் மட்டுமே குறியீட்டு வரிசை தவறாமல் சிறந்த விடையைத் தரும். 1957-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் இதே வடிவத்தில் அமைந்த பை நிரப்பும் கணக்கை ஆராய்ந்து, பொருள்களை வெட்டலாம் என்றால் விகித வரிசைப்படி நிரப்பிக் கடைசிப் பொருளை மட்டும் துண்டாக்கினால் போதும் என்று காட்டினார். வெட்ட முடியாது என்றால் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. கூட்டணிகளைச் சோதித்தாக வேண்டும். ஐந்து திட்டங்களுக்கு 32 கூட்டணிகள்தான். ஒரு தாளில் எழுதிவிடலாம். இருபது திட்டங்கள் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது எக்செலில் உள்ள சால்வர் போன்ற கருவி தேவைப்படும்.

அப்போதும் குறியீடு வீணாகப் போவதில்லை. மீதமுள்ள ஒரு கோடியில் மின்தகட்டுத் திட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை வாங்கியதாக வைத்துக்கொண்டால் மேலும் 36 லட்சம் சேரும். மொத்தம் 500 லட்சம். பத்துக் கோடிக்குள் இந்த ஐந்து திட்டங்களை எப்படிக் கலந்தாலும் இதைத் தாண்ட முடியாது. ஆகவே 475 லட்சம் தரும் கூட்டணி கையில் கிடைத்தவுடன், இன்னும் தேடினாலும் அதிகபட்சம் 25 லட்சத்துக்கு மேல் கிடைக்காது என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. தேடலை எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும் இந்த உச்சவரம்பு, நடைமுறையில் குறியீட்டின் மிக மதிப்புள்ள பயன்களில் ஒன்று. பாடப்புத்தகங்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை.

இந்த ஆலையின் விஷயத்தில் துண்டாக்குவது வெறும் கற்பனையும் அல்ல. ரிங் பிரேம் வரிசையைப் பாதியில் நிறுத்தினால் முன்னும் பின்னும் உள்ள பிரிவுகளோடு பொருந்தாமல் போகும். சூரிய மின்தகடுகளைக் கூரையின் ஒரு பகுதியில் மட்டும் போடலாம். மின் இணைப்பு, பாதுகாப்புச் சாதனங்கள், அனுமதிகள் போன்ற சில செலவுகள் அளவைக் குறைத்தாலும் குறையாது. அதனால் மூன்றில் ஒரு பங்கு முதலீடு, நிகர மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தராமல் போகலாம். எவ்வளவு குறைந்தால் பொறுக்கலாம் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. ஒரு கோடி ரூபாய் மின்தகடுகள் 11 லட்சத்துக்கு மேல் நிகர மதிப்பு தந்தாலே போதும். டிரைவ், ரிங் பிரேம், அயல் இழை நீக்கி ஆகியவற்றோடு சிறிய அளவு மின்தகடு என்ற கூட்டணி 475 லட்சத்தை வென்றுவிடும். திட்டம் கொண்டுவந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதனால் தெளிவாகிறது: இதையே ஒரு கோடிக்குள் செய்தால் என்ன கிடைக்கும்?

குறியீட்டில் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம் வகுக்கும் எண். இன்வெர்ட்டர் டிரைவ் திட்டத்தில் ஆண்டுக்கு 45 லட்சம் என்று போட்டிருப்பது நிகர வரவு. மின்கட்டணத்தில் 60 லட்சம் மிச்சமாகி, அதில் 15 லட்சம் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் உதிரி பாகங்களுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்காளர் எல்லா வரவுகளையும் மேலேயும் எல்லாச் செலவுகளையும் கீழேயும் போட்டுவிடுகிறார். 60 லட்சத்தின் ஐந்தாண்டு இன்றைய மதிப்பு 216 லட்சம். பராமரிப்பின் இன்றைய மதிப்பு 54 லட்சம். அதை முதலீடு 100 லட்சத்தோடு சேர்த்தால் 154. வகுத்தால் 1.40. முதலிடத்தில் இருந்த திட்டம், பணத்தில் ஒரு காசும் மாறாமலே மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

எது சரி என்பதை முன்பு சொன்ன விதியே தீர்த்துவைக்கிறது. வரம்பு விதிக்கப்பட்டிருப்பது இந்த நிதியாண்டின் பத்துக் கோடிக்கு. பராமரிப்புச் செலவு வரும் ஆண்டுகளில், திட்டமே ஈட்டும் மிச்சத்திலிருந்து கொடுக்கப்படுகிறது. அது பத்துக் கோடியைத் தொடுவதில்லை. எனவே அது மேலே, வரவிலிருந்து கழிக்கப்பட வேண்டும். இதன் மறுபக்கமும் உண்மை. ரிங் பிரேமுக்கான தரை அடித்தளம், மின்கம்பி, நிறுவும் கூலி என்று 50 லட்சம் பொதுப்பணிச் செலவுக் கணக்கில் ஒளிந்திருந்தால், அதுவும் இதே பத்துக் கோடியிலிருந்துதான் போகிறது. அதைச் சேர்த்தால் முதலீடு 650 லட்சம், குறியீடு 1.39. இரண்டாம் இடத்தில் இருந்த திட்டம் மூன்றாம் இடத்துக்குப் போகிறது. துறைகளுக்கிடையே போட்டி கடுமையாக இருக்கும் நிறுவனங்களில் முதலீட்டின் ஒரு பகுதியை வேறு தலைப்புக்கு மாற்றிக் காட்டும் ஆசை இயல்பாகவே எழும். ஒரு திட்டத்தின் குறியீடு அசாதாரணமாக உயர்ந்து தெரிந்தால், வரவு மதிப்பீட்டைக் கேள்வி கேட்பதற்கு முன் வகுக்கும் எண்ணில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

வரிசையில் அருகருகே நிற்கும் திட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை நம்பிவிடவும் கூடாது. ரிங் பிரேமுக்கு 1.51, அயல் இழை நீக்கிக்கு 1.49. நீக்கியின் ஆண்டு வரவு 60 லட்சத்துக்குப் பதில் 61 லட்சம் என்று எடுத்தாலே அது முந்திவிடுகிறது. எட்டு ஆண்டு வரவை ஒரு லட்சம் பிசகாமல் மதிப்பிட யாராலும் முடியாது. 1.62-க்கும் 1.30-க்கும் உள்ள இடைவெளி ஒரு செய்தி. 1.51-க்கும் 1.49-க்கும் உள்ள இடைவெளிக்குச் செய்தி என்று பெயர் கொடுக்க முடியாது.

ஒன்றை எடுத்தால் மற்றது வேண்டாம் என்ற நிலையில் உள்ள திட்டங்களில் குறியீடு நேரடியாகவே தவறான வழி காட்டும். புதிய ரிங் பிரேம் வாங்குவதற்குப் பதில் பழையவற்றையே செப்பனிடலாம், அதற்கு 200 லட்சம் போதும், இன்றைய மதிப்பில் 340 லட்சம் திரும்பும் என்று பராமரிப்புப் பிரிவு சொல்கிறது. குறியீடு 1.70, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விட மேல். அதற்காகப் புதிய இயந்திரத்தை விட்டுவிடலாமா?

இங்கே ஒப்பிட வேண்டியது கூடுதல் பணத்தை. செப்பனிடுவதிலிருந்து புதியதற்குப் போக இன்னும் 400 லட்சம் வேண்டும். அதற்குக் கிடைக்கும் கூடுதல் இன்றைய மதிப்பு, 904-இலிருந்து 340-ஐக் கழித்தால், 564 லட்சம். வகுத்தால் 1.41. ஆக அந்தக் கூடுதல் நான்கு கோடி, சூரிய மின்தகட்டின் 1.36-ஐ விடவும் ஆட்டோகோனரின் 1.30-ஐ விடவும் நன்றாக உழைக்கிறது. புதிய ரிங் பிரேமே சரி. செப்பனிடுவதைத் தேர்ந்தெடுத்தால் மீதி எட்டுக் கோடியில் முழுத் திட்டங்களாகச் செய்யக்கூடிய சிறந்த கூட்டணி டிரைவ், மின்தகடு, ஆட்டோகோனர். மொத்த நிகர மதிப்பு 433 லட்சம்தான் வருகிறது. 475-உடன் ஒப்பிட்டால் 42 லட்சம் இழப்பு. 1.70 என்ற கவர்ச்சியான எண், இரண்டு கோடிக்கு மட்டும் பொருந்துவது. அடுத்த நான்கு கோடி எங்கே போகும் என்பதை அது சொல்வதில்லை.

பல ஆண்டுகளுக்குத் தனித்தனி வரம்பு இருந்தால் ஒரே குறியீட்டால் சமாளிக்க முடியாது. இந்த ஆண்டு சற்றுக் குறைவாக ஈட்டினாலும் ஓராண்டிலேயே பணத்தைத் திருப்பித் தரும் திட்டம், அடுத்த ஆண்டு வரம்பைத் தளர்த்தி வேறொரு நல்ல திட்டத்துக்கு வழிவிடலாம். அந்த உதவி அதன் குறியீட்டில் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லோரியும் லியனார்ட் சாவேஜும் 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டினார்கள். 1963-இல் மார்ட்டின் வைன்கார்ட்னர் அதை நேரியல் திட்டமிடல் கணக்காக மாற்றினார். ஒவ்வோர் ஆண்டின் பணத்துக்கும் அவ்வாண்டின் பற்றாக்குறைக்கு ஏற்ப ஒரு விலை அந்தக் கணக்கிலிருந்தே வெளிவரும்.

அந்த விலையின் எளிய வடிவம் நம் ஆலையிலும் இருக்கிறது. மின்தகடுகளைத் துண்டாக்க முடியும் என்றால், பத்துக் கோடியின் விளிம்பில் நிற்பது மின்தகட்டுத் திட்டம். அதன் குறியீடு 1.36. அதாவது பத்துக் கோடிக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் 36 காசு நிகர மதிப்பைச் சேர்க்கும். இன்னும் இரண்டு கோடி கிடைத்தால் மின்தகட்டுத் திட்டம் முழுமையாகும். கூடுதல் மதிப்பு சுமார் 72 லட்சம். அதற்கு மேல் வரும் நான்கு கோடி ஆட்டோகோனருக்குப் போய், ரூபாய்க்கு 30 காசு தரும்.

நிர்வாகம் வரம்பைத் தானே வகுத்துக்கொண்டதா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்வி இங்கேதான் எழ வேண்டும். பல நிறுவனங்களில் பத்துக் கோடி என்பது வங்கி மறுத்ததால் வந்த எண் அல்ல. கடந்த ஆண்டு செலவைப் பார்த்தும் துறைகளின் ஆர்வத்துக்குக் கடிவாளம் போடவும் குழு ஒப்புக்கொண்ட எண். அப்படிப்பட்ட வரம்பைத் தளர்த்த முடியுமா என்று பார்க்கும்போது, கூடுதல் கடனுக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஆகும் வட்டி, செயலாக்கக் கட்டணம், பிணைச் செலவு ஆகியவற்றின் இன்றைய மதிப்பை ரூபாய்க்கு 36 காசு என்ற அளவோடு ஒப்பிட வேண்டும். செலவு அதற்குக் கீழே இருந்தால், ஐந்து திட்டங்களுக்குள் சண்டையைத் தீர்ப்பதை விட வரம்பை உயர்த்துவதே லாபம். பதினாறு கோடியும் 12 சதவீதத்துக்கே கிடைத்துவிட்டால் ஐந்து திட்டங்களும் ஏற்கத்தக்கவை. அப்போது லாபத்திறன் குறியீட்டைக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை.